விடியற்காலைக் கைக்கு ஏற்ற பைப்பும் பட்டனும்: அம்மாவின் பாத்ரூமை மாற்றிய அனுபவம்

கை மூட்டுக்களில் வாதம் உள்ள ஒருவருக்குப் பைப் வாங்கப் போகிறீர்கள் என்றால், அவரைப் பின்னேரம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், திருகிப் பார்க்கச் சொல்லி வாங்காதீர்கள். பின்னேரக் கை வேறு, விடியற்காலைக் கை வேறு. என் அம்மாவுக்கு இருப்பது முடக்கு வாதம். இந்த வகையில் காலை எழும்பும்போது விரல்கள் விறைத்துப் போயிருக்கும், அது இளக ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். வயதோடு வரும் மூட்டுத் தேய்மானத்திலும் காலை விறைப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். எந்த வகை என்றாலும், ஒரு மனிதர் எழும்பியதும் முதலில் தொடுவது கொமட்டின் ஃபிளஷ் பட்டன், பிறகு பேசின் பைப். கை மிகவும் மோசமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் இவை இரண்டும் தேவைப்படுகின்றன. அதனால் எங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு அம்மா தொட்டுப் பார்த்துச் சொல்லும் வரை வேலை முடிந்ததாக எடுப்பதில்லை.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு வாடகை பிளாட்டில் இருக்கிறோம். கட்டடம் பழையது. பாத்ரூமை உடைத்துக் கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார், எங்களிடம் அவ்வளவு காசும் இல்லை. ஆகவே கடைசியில் சொல்லும் ஒரு கம்பியைத் தவிர, இங்கே எழுதுவதெல்லாம் சுவரில் கை வைக்காமல் செய்யக்கூடியவை. 2006இல் இலங்கையில் அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன என்றாலும் அவை பொதுக் கட்டடங்களுக்கானவை. வாடகை வீட்டின் பாத்ரூமை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கைக்கு எது வலி தருகிறது என்பதைத்தான் முதலில் கவனித்தேன். பாரம் தூக்குவதைவிடச் சின்னச் சின்ன அசைவுகள் மூன்றுதான் அவவைச் சோர வைத்தன. விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிப்பது, பிடித்ததை முறுக்குவது, பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இருப்பது. இதற்குக் காரணம் பெருவிரலின் அடி மூட்டு. விரல் நுனியில் ஒரு கிலோ அளவு விசையோடு கிள்ளிப் பிடித்தால், நெம்பு போலச் செயற்பட்டு அந்த அடி மூட்டில் அது பன்னிரண்டு கிலோ அளவுக்குப் பெருகுகிறது என்று கை மூட்டுக்களின் இயக்கத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பற்பசை மூடியைத் திறப்பதுகூட அந்த மூட்டுக்குப் பெரிய வேலை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே நான் தேடியது விரல் நுனியே வேண்டாத பொருட்களை. உள்ளங்கையின் அடியால், கையின் ஓரத்தால், முடிந்தால் முழங்கையால் இயக்கக்கூடியவை.

அடுத்தது அளப்பது. “இது லேசு”, “இது கொஞ்சம் இறுக்கம்” என்று கடைக்காரரும் பைப் பூட்ட வரும் பாஸும் நானும் சொல்லுவதில் அர்த்தம் இல்லை, எங்கள் மூன்று பேரின் கையும் நல்ல கை. கொழும்பில் வெளிநாட்டுச் சொந்தம் உள்ள எல்லா வீட்டிலும் சூட்கேஸ் தூக்கி நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருக்கும். அதன் கொக்கியை ஒரு நெம்புப் பைப்பின் நுனியில், அல்லது ஃபிளஷ் கைபிடியில் மாட்டி, அசையும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். அது அசையத் தொடங்கும் இடத்தில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலையில், கையால் இயக்கும் பாகங்களுக்கு அதிகபட்சம் 22.2 நியூட்டன் என்று போட்டிருக்கிறார்கள். தராசுக் கணக்கில் அது இரண்டே கால் கிலோ. இறுக்கிப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டைத் திருப்பவோ தேவைப்படாமல், ஒரே கையால் இயங்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாகம்தான் எனக்கு அதிகம் உதவியது. இரண்டே கால் கிலோ என்பது அம்மாவின் காலைக் கைக்குக் கூடுதல். நான் ஒரு கிலோவுக்குக் கீழே என்று வைத்துக்கொண்டேன்.

பட்டனில் கொக்கி மாட்ட முடியாது. அதற்கு ஒன்றரை லிட்டர் சோடாப் போத்தல் போதும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. போத்தலை நிரப்பி மூடியைக் கீழே வைத்துப் பட்டனின் மேல் நிறுத்தி, சாயாமல் பக்கத்தில் மட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும், கீழே அமுக்கக் கூடாது. ஃபிளஷ் ஆனால் தண்ணீரைக் குறைத்துத் திரும்ப வைத்துப் பார்க்கலாம். எந்த அளவில் ஃபிளஷ் ஆகாமல் நிற்கிறதோ அதற்குச் சற்று மேலேதான் அந்தப் பட்டனின் பாரம். எங்கள் பட்டனில் ஒன்றரை லிட்டரும் முழுக்க நிறைந்த போத்தலை வைத்தும் அசைவே இல்லை.

முதலில் பைப். பழைய பைப்களில் உள்ளே ஒரு ரப்பர் வொஷர் இருக்கும். பைப்பை மூடும்போது அந்த வொஷரைத் தண்ணீர் வரும் துளையின் மேல் அழுத்தி நசுக்குகிறோம். வொஷர் பழுதாகப் பழுதாகச் சொட்டும், சொட்டச் சொட்ட வீட்டில் உள்ள பலமான கை ஒன்று இன்னும் இறுக்கி மூடும். அடுத்த நாள் காலை அதைத் திறக்க வேண்டியது அம்மா. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்: இரவு என் தம்பி பல்லுத் தீட்டிவிட்டு மூடிய பைப்பை விடிய அம்மாவால் திறக்க முடியாமல், அவ குசினிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறா. ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

குவாட்டர் டேர்ன் பைப்புக்குள் ரப்பருக்குப் பதிலாகத் துளையிட்ட இரண்டு செரமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி இருக்கும். கால் சுற்றுத் திருப்பும்போது துளைகள் நேராக வந்து தண்ணீர் வரும், திருப்பி விட்டால் மூடிக்கொள்ளும். எதையும் நசுக்க வேண்டியதில்லை என்பதால் எவ்வளவு பலசாலி மூடினாலும் திறக்க எடுக்கும் விசை மாறாது. பல பேர் சேர்ந்து பாவிக்கும் வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம். சொட்டினால் இறுக்கிப் பிரயோசனம் இல்லை, தட்டு கீறுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நெம்பு என்றால் லேசு என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்ட்வேர் கடைகளில் நெம்புக் கைபிடியோடு தொங்கும் பிவிசி பைப்கள் நிறைய உள்ளே பந்து வால்வு வைத்தவை. கடையில் காய்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், வீட்டில் சில நாள் தொடாமல் விட்டால் பந்து தன் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு, முதல் அசைவுக்கு இன்னும் பலம் கேட்கும். தராசு மாட்டிப் பார்த்தால் உடனே தெரியும். செரமிக் பைப் நல்லதாக இருந்தால் முதல் அசைவும் இடை அசைவும் ஒரே அளவில் இருக்கும். பந்து வால்வில் முதலில் ஒரு முறுக்கு, பிறகு சடாரென்று விடும். அந்தச் சடார்தான் வலிக்கும் கைக்குக் கெட்டது.

நெம்பின் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்கலாம். பழைய உருண்டைக் கைபிடியின் நடுவிலிருந்து ஓரம் வரை இரண்டரை சென்றிமீற்றர் என்றால், ஏழரை சென்றிமீற்றர் நெம்பு அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு விசையில் செய்யும். ஆஸ்பத்திரிகளில் முழங்கையால் தள்ளும் பதினைந்து சென்றிமீற்றர் நெம்பு ஆறில் ஒரு பங்கு. ஆனால் எங்கள் பேசின் சுவரோடு ஒட்டியது, நீள நெம்பு திரும்பும்போது கண்ணாடித் தட்டில் இடிக்கும். வாங்க முன் நெம்பின் நீளத்துக்கு ஒரு கடதாசி மட்டையை வெட்டி, பைப் தலையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். எட்டு சென்றிமீற்றர்தான் இடிக்காமல் போனது. அது போதுமாக இருந்தது.

முழுப் பைப்பையும் மாற்றாமல் உள்ளே உள்ள தலைப்பாகத்தை மட்டும் மாற்றலாம் என்பதைப் பழைய சோனகத் தெருவில் ஒரு சின்னக் கடையில் இருந்த பெரியவர்தான் சொல்லித் தந்தார். அரை அங்குல பைப்களுக்குச் செரமிக் தலைப்பாகம் தனியாகக் கிடைக்கும். அதன் மேல் நுனியில் உள்ள சின்னப் பற்களின் எண்ணிக்கை கைபிடியின் உள்பற்களோடு ஒத்துவர வேண்டும். ஒரு பல் கூடக் குறைய இருந்தாலும் கைபிடி ஏறாது, அல்லது ஏறி வழுக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவதுதான் ஒரே வழி. இடப்பக்கம் திறப்பது, வலப்பக்கம் திறப்பது என்று இரண்டு வகையாகவும் வரும். இது சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கு வலக்கைப் பெருவிரல் மோசம். நெம்பு மூடிய நிலையில் அவவை நோக்கி நிற்க, வலக்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தால் இடப்பக்கம் தள்ளினால் திறக்கும்படி பார்த்து வாங்கினோம். மூடும்போது புறங்கையால் திருப்பித் தள்ளுகிறா. ஒரு விரலும் மடங்குவதில்லை.

பூட்டும்போது செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. கொழும்பில் வரும் தண்ணீர் ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கத்திலிருந்தும் வருவது, சுண்ணாம்பு அவ்வளவு இல்லை. செரமிக் தட்டைக் கெடுப்பது, வீதியில் குழாய் வெட்டித் திருத்தும்போதும் கூரைத் தாங்கி கழுவும்போதும் வரும் மணல். தலைப்பாகத்தைப் போடுமுன் பேசினுக்குக் கீழே உள்ள வால்வைத் திறந்து, திறந்த வாயால் ஒரு வாளி தண்ணீரை ஓடவிட்டோம். கடைசி வரை கறுப்புத் துகள் வந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு உள்ளவர்களுக்குக் கதை வேறு: அங்கே சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீர், தட்டில் சுண்ணாம்பு படிந்து பைப் மெல்ல மெல்ல இறுகும். திடீரென்று இறுகினால் மணல், மாதக்கணக்கில் கூடிக்கொண்டு போனால் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

தெஹிவளையில் இருக்கும் சித்திக்கும் பெருவிரல் அடி மூட்டுத் தேய்மானம். அவவின் மகன் ஆசையாக, ஒரு கையால் தூக்கி இறக்கும் மிக்ஸர் பைப் வாங்கிப் போட்டார். பார்க்க அழகு, லேசாகவும் இருக்கிறது, ஆனால் தண்ணீர் நூலாக வருகிறது. தண்ணீர்த் தாங்கி பைப்புக்கு எத்தனை மீற்றர் மேலே இருக்கிறதோ, மீற்றருக்கு 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். சித்தி வீட்டில் கொங்கிறீட் தட்டின் மேல் உள்ள தாங்கி பைப்பிலிருந்து மூன்று மீற்றர் உயரம்கூட இல்லை, அதாவது 0.3 பாருக்கும் குறைவு. அந்தப் பைப்பின் பெட்டியில் ஆகக் குறைந்தது 1 பார் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. மிக்ஸருக்குள் தண்ணீர் போகும் வழிகள் ஒடுக்கம். தாழ்ந்த தாங்கி உள்ள வீட்டுக்குத் தனிக் குளிர்த் தண்ணீர் நெம்புப் பைப்தான் சரி. எங்கள் பிளாட் கீழ்த் தட்டில் இருப்பதால் அழுத்தம் போதும் என்றாலும், அம்மாவுக்குச் சுடுதண்ணீர் பேசினில் தேவையில்லை என்பதால் நாங்களும் தனிப் பைப்பையே வைத்துக்கொண்டோம்.

பட்டன் கதை கொஞ்சம் நீளம், ஏனென்றால் எல்லோரும் முழுக் கொமட்டையும் மாற்றச் சொன்னார்கள். பாஸ் வந்து பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “ஆன்ரி, இது இப்பிடித்தான் இருக்கும். அமத்த அமத்த லேசாகிடும்,” என்றார். அம்மா கட்டிலில் இருந்தபடியே, “தம்பி, அது லேசாகுமட்டும் என்ர விரல் இருக்காது,” என்றா. அதன் பிறகு அவர் தொட்டியின் மூடியைக் கழற்றினார்.

கணக்குப் பார்த்தால் அந்தப் பட்டன் அவ்வளவு பாரமாக இருக்கவே கூடாது. தொட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளை ஏறக்குறைய ஐந்து சென்றிமீற்றர் விட்டம். அதன் பரப்பு இருபது சதுர சென்றிமீற்றர். அதன் மேல் இருபது சென்றிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், மூடி நிற்கும் ரப்பர் சீலை அழுத்துவது நானூறு மில்லிலீற்றர் தண்ணீரின் பாரம், அதாவது நானூறு கிராம். சீலைக் கிளப்ப அரைக் கிலோ போதும். அதற்கு மேல் கையில் தெரியும் பாரமெல்லாம் உராய்வு, ஸ்பிரிங், கோணல். ஆகவே பட்டன் கடினமாக இருந்தால் பெரும்பாலும் அது திருத்தக்கூடிய கோளாறு. கடையில் காட்சிக்கு வைத்த கொமட்டில் அமுக்கிப் பார்த்து முடிவெடுப்பதும் இதனால்தான் ஏமாற்றும். அதில் தண்ணீரே இல்லை.

எங்கள் தொட்டிக்குள் மூன்று சங்கதிகள் சேர்ந்திருந்தன. மூடியை யாரோ ஒரு முறை கழற்றித் திரும்பப் போடும்போது சற்று விலத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் பட்டனின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்டு சாய்ந்து, வழிகாட்டித் துளையின் ஓரத்தில் உரசியபடி இறங்கியது. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்ந்திருந்ததில் அது தெரிந்தது. இரண்டாவது, தண்டு கட்டை. பட்டன் பாதித் தூரம் வெறுமையாக இறங்கிய பிறகுதான் வால்வைத் தொட்டது, அப்படி இறங்கிய பட்டனைத் தொடர்ந்து தள்ள விரல் நுனியால் மட்டுமே முடியும், உள்ளங்கை அந்தக் குழிக்குள் போகாது. மூன்றாவது, வழிகாட்டியில் வழுவழுப்பான பாசி.

பாசியைப் பழைய பல்லுத் தூரிகையால் கழுவினோம். மூடியை நேராக வைத்தோம். தண்டைத் திருகி நீளமாக்கினோம். இங்கே கவனம் வேண்டும்: தண்டு அளவுக்கு மேல் நீண்டால் பட்டனைத் தொடாமலே வால்வைத் தள்ளிக்கொண்டு நிற்கும், தண்ணீர் சத்தமில்லாமல் கொமட்டுக்குள் வடிந்துகொண்டே இருக்கும், பில் வரும்போதுதான் தெரியும். பட்டனைத் தொட்டு ஆட்டினால் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சோதிக்க, கேக்குக்குப் போடும் கலரிங் கொஞ்சம் தொட்டிக்குள் விட்டு, கால் மணித்தியாலம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கொமட்டுக்குள் நிறம் வந்தால் வடிகிறது. திரும்பப் போத்தலை வைத்தபோது அரைவாசித் தண்ணீரில், முக்கால் கிலோ அளவில், பட்டன் தானாக இறங்கியது.

காலையில் அம்மா சொன்னது, பாரம் சரி, ஆனால் கை போகவில்லை என்று. பட்டன் மூடியோடு சமமாக, இரண்டு பாதியாகப் பிரிந்து இருந்தது. பெரிய பாதியின் மேல், கதிரைக் காலுக்குப் போடும் ரப்பர் மூடி ஒன்றை வாங்கிச் சிலிக்கனால் ஒட்டினோம். ஒன்றரை சென்றிமீற்றர் எழுந்து நிற்கிறது, இப்போது உள்ளங்கையின் அடியை வைத்து உடல் பாரத்தைச் சற்றே சாய்த்தால் போதும். சின்ன பாதியில் ஒட்டவில்லை, இரண்டும் எழுந்து நின்றால் இரண்டும் சேர்ந்து இறங்கும். சிலிக்கன் பட்டனைச் சுற்றி உள்ள வளையத்தில் படவும் கூடாது, பல தொட்டிகளில் அந்த வளையத்தைக் கழற்றித்தான் மூடியைத் திறக்க முடியும்.

எல்லாத் தொட்டியும் இப்படிச் சரிவராது. பக்கத்தில் கைபிடி உள்ள பழைய பிளாஸ்டிக் தொட்டிகள் சிலவற்றில் உள்ளே சைஃபன் இருக்கும். அது ஒரே வீச்சில் தண்ணீரைத் தூக்கி எறிந்தால்தான் ஓடும், மெதுவாக அமத்தினால் ஓடாது. மெதுவாகத்தான் அமத்த முடியும் என்ற கைக்கு அது எந்தத் திருத்தத்தாலும் பொருந்தாது, உள் செட்டை வால்வு வகைக்கு மாற்ற வேண்டும். சிலவற்றில் பட்டனிலிருந்து வால்வுக்கு ஒரு கேபிள் போகும், அது மடிந்திருந்தால் பாரமாகும், அந்த மடிப்பை நிமிர்த்தினாலே லேசாகிவிடும். சுவருக்குள் தொட்டி மறைந்திருக்கும் புது பிளாட்களில் காற்றுக் குழாய் வைத்த பட்டன் கிடைக்கிறது. கை வைத்ததும் காற்று போய் வால்வைத் தூக்கும், மிக லேசு. சென்சர் வகையை நாங்கள் எடுக்கவில்லை. 2022இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்தால், கரண்டில் ஓடும் ஃபிளஷை அம்மாவின் பாத்ரூமில் வைக்க மனம் வரவில்லை.

மிகக் கஷ்டமாக இருந்தது கொமட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் ஹேண்ட் ஷவர். அதன் தலையில் உள்ள விசைப் பிடியைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் மணிக்கட்டை மடக்கியபடி. அம்மாவின் மூட்டுக்கு மூன்று கெட்ட அசைவும் ஒரே நேரத்தில். சுவர் வால்வைக் கொஞ்சம் மூடினால் விசை லேசாகும் என்று பலர் சொல்லுவார்கள். ஆகாது. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது, வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும் குழாய்க்குள் அழுத்தம் அப்படியே இருக்கும். பிறகு வரும் தண்ணீரின் அளவு மட்டும்தான் குறையும், முதல் அமுக்கு மாறாது.

நாங்கள் செய்தது, வேலையை விசையிடமிருந்து வால்வுக்கு மாற்றியது. பழைய உருண்டைத் தலை வால்வை எடுத்துவிட்டு, நீள நெம்பு உள்ள கால் சுற்றுச் செரமிக் வால்வு ஒன்றைப் போட்டோம். தலைக்கு, விசையே இல்லாமல் எப்போதும் திறந்திருக்கும் ஷவர் தலை. அம்மா தலையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் ஓரத்தால் நெம்பைத் தள்ளுகிறா. முடிந்ததும் திருப்பித் தள்ளுகிறா. வால்வு மூடியிருக்கும்போது ஹோஸுக்குள் அழுத்தம் இல்லை என்பதால், விசை வகையில் அடிக்கடி நடக்கும் ஹோஸ் வெடிப்பும் இல்லை. நெம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இருக்கையில் இருந்தபடியே பார்த்து முடிவெடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் சரியாகத் தெரிவது உட்கார்ந்தால் கால் முட்டியில் இடிக்கும். தலையைக் கொமட்டுக்குள் தொங்க விடாமல், விளிம்புக்கு மேலே கொக்கியில் மாட்ட வேண்டும். விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், பழக்கமில்லாதவர் நெம்பைத் தொட்டால் உடனே பீச்சும்.

பிடிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் கூடுதலாக மடங்க வேண்டும். முப்பது மில்லிமீற்றர் அளவு தடிப்பு அம்மாவுக்குச் சுகம். ஏசி பாஸ்மார் செம்புக் குழாயில் மாட்டும் கறுப்பு ரப்பர் ஸ்பொஞ்ச் குழாய் ஹார்ட்வேர் கடையில் அடிக் கணக்கில் கிடைக்கும். உள் விட்டம் அரை அங்குலம் உள்ளதை வெட்டிப் பல்லுத் தூரிகை, சீப்பு, கோப்பையின் பிடி எல்லாவற்றிலும் செருகினேன். வெளியே தண்ணீர் குடிக்காது, ஆனால் உள்ளே சவர்க்காரத் தண்ணீர் போய்த் தங்கிக் கறுக்கும். கழற்றிக் காயவைக்க வேண்டும், நாறத் தொடங்கினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு. கதவின் உருண்டைக் குமிழையும் நெம்புக் கைபிடியாக மாற்றினோம், அதில் விளக்க எதுவும் இல்லை. அம்மா எழும்பும்போது பைப்பைப் பிடித்து எழும்பக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நெம்பு கைக்கு வசதியாக நிற்பதால் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். அதற்குக் கொமட்டுக்குப் பக்கத்தில், விரலால் இறுக்காமல் முன்கையை வைத்து ஊன்றி எழும்பக்கூடிய உயரத்தில், படுக்கையாக ஒரு கம்பி வேண்டும். அதற்கு மட்டும் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்டு அனுமதி எடுத்தோம்.

வெள்ளவத்தை போலக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் நெம்பு பித்தளையா என்று பாருங்கள். கலப்பு உலோகத்தில் குரோம் பூசிய மலிவு நெம்புகள் உப்புக் காற்றில் கொப்பளித்து, பூச்சுக் கழன்று, தோலை வெட்டும் விளிம்பாகிவிடும். வாத மருந்து எடுப்பவர்களின் தோல் சிலவேளை மெல்லிதாக இருக்கும் என்பதால் இதை நான் கவனமாகப் பார்க்கிறேன். நெம்பின் அடியில் ஒளிந்திருக்கும் சின்ன ஆலன் ஸ்குறூவும் துருப்பிடிக்கும். நெம்பு ஆடத் தொடங்கினால் அதை உடனே இறுக்க வேண்டும், ஆடும் நெம்பை நேராக்க விரல்கள் கிள்ளிப் பிடிக்கப் போகும்.

பாஸிடம் சொல்லும்போது “லேசான பைப் ஒன்று போடுங்கோ” என்று சொல்லாதீர்கள், அவர் தன் கைக்கு லேசானதைப் போடுவார். “செரமிக் குவாட்டர் டேர்ன், நெம்பு எட்டு சென்றிமீற்றர், பித்தளை, இந்தப் பக்கம் தள்ளினால் திறக்க வேண்டும், தராசில் ஒரு கிலோவுக்குக் கீழே” என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய தலைப்பாகம், உருண்டைக் கைபிடி, வால்வு, ஹேண்ட் ஷவர், கதவுக் குமிழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள். வீடு மாறும்போது அவற்றைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, புதியவற்றை அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.